சுட்டுப் பார்க்காத பன்

எங்கள் தீவு நகரத்தின் ஷாதிபூரில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து பேக்கரி வைத்தோம். திறப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியதையெல்லாம் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்தான். அதன் கடைசி வரி, கப்பலில் வந்த ஓவனில் ஒரு தட்டு பன் சுட்டுப் பார்ப்பது.

திறப்பு விழாவுக்கு முந்தைய மாலை, என் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது.

"புது ஓவன்தானே சலேகாக்கா, நீங்க கெளம்புங்க" என்றாள் ஒருத்தி. நானும் டிக் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் ரிப்பன் வெட்டுவதற்காக இன்னொருத்தியின் அம்மா வேறொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். முதல் தட்டு கருகியது. இரண்டாவதும் கருகியது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியிலேயே பழுதாகியிருந்தது. புதியது சென்னையிலிருந்து வர வேண்டும்; அதுவரை திறப்பைத் தள்ளிவைத்தோம்.

"டிக் போட்டிருக்கே, யாரு சுட்டுப் பாத்தது?" என்றாள் அந்த அம்மாவின் மகள்.

"யாருமில்ல. நான் சும்மா போட்டேன்."

அந்த அம்மா கருகிய பன்னைப் பிட்டு வாயில் போட்டு, "உள்ள நல்லாத்தான்மா இருக்கு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கடை திறக்கும் முன்பே அவர் ஊர் திரும்ப வேண்டிய கப்பல் கிளம்பிவிட்டது. ரிப்பனை அவர் மகள்தான் வெட்டினாள்.

இப்போது பட்டியலை ஒருத்தி படிக்க, இன்னொருத்தி செய்து காட்டிய பிறகுதான் டிக். காய்ச்சல் வந்த அன்று வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் கணவர் இருந்தார் என்பதை மட்டும் அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.