சின்னதாகத் தெரிகிற எரிமலை

எங்கள் ஸ்டூடியோவில் அக்கா ஒருத்தி இருக்கிறாள். எனக்கு இரண்டே வயது மூத்தவள். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. கம்ப்யூட்டரிடம் வார்த்தையால் சொல்லிச் சொல்லி வீடியோ வரைய வைப்பதுதான் அவள் வேலை. அந்தச் சொல்லுக்கு ப்ராம்ப்ட் என்று பெயர். அதற்கு முன் பல வருஷம் போட்டோக் கடையில் பாஸ்போர்ட் படங்களுக்குக் காது நேராக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒலி சேர்ப்பவன். என்னை அவள் கூப்பிடுவது ‘இரைச்சல்’ என்று. இந்த வயதில் இப்படி ஒரு பெயர் எனக்குத் தேவையா?

அவள் கம்ப்யூட்டரைத் திட்டுவதைக் கேட்கவே ஆள் வரும். "டேய், நான் என்ன கேட்டேன், நீ என்ன கொண்டு வர்றே? காதுல பஞ்சா வெச்சிருக்க?" பிறகு அவளே சமாதானமாகி, "சரி, என் தப்புதான், நான் ஒழுங்கா சொல்லல" என்று வாக்கியத்தைத் திருத்துவாள். நான் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில், தன் தப்பு என்று இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் ஜீவனை வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு மலையூரிலிருந்து வேலை வந்தது. ஊருக்கு மேலே எரிமலை, அதன் அடியில் புதிதாக ஒரு காட்சிக்கூடம். மலை வெடித்தால், பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பார்வை மேட்டிலிருந்து எப்படித் தெரியும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். படத்தைச் சரிபார்க்க வேண்டியவர் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்து மேடம். அக்காவுக்கு இது வெறும் வேலை இல்லை. அவளுடைய தம்பி அந்த ஊரில்தான் பள்ளி வேன் ஓட்டுகிறான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது இவள்தான். எங்கே தீ பிடித்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற பிறவி அவன். சின்ன வயதில் மரக்கடை எரிந்ததைப் பார்க்க ஓடி, புருவத்தைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவன்.

முதல் படம் பிரமாதமாக வந்தது என்று நாங்கள் எல்லாரும் குதித்தோம். மாபெரும், பிரம்மாண்டமான, பயங்கரமான என்று முதலாளி சொன்ன எல்லாப் பெரிய வார்த்தையையும் அக்கா போட்டிருந்தாள். லாவா அருவி மாதிரி கொட்டியது. சாம்பல் குபுகுபுவென்று வானத்துக்குப் பறந்தது. நானும் என் பங்குக்கு ஜன்னல் அதிர இடி வைத்தேன்.

மேடம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆபத்து."

"ஏன் மேடம்?" என்றாள் அக்கா.

"பத்து கிலோமீட்டர் தள்ளி நின்னா இப்படித் தெரியவே தெரியாது. சின்னதா, மெதுவா தெரியும். இந்தப் படத்தைப் பாத்த பிள்ளைங்க நிஜத்தைப் பாத்தா என்ன நினைக்கும்? ‘இவ்வளவுதானா? இன்னும் வெடிக்கவே ஆரம்பிக்கல போல, வா கிட்ட போய் பாக்கலாம்’னு மேல ஏறும். அடுத்த வாரமும் சரியா வரலன்னா, திரையில வரைபடத்தையே போட்டுடறோம்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. கிட்டப் போகிற முதல் ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் ‘பாதுகாப்பான தூரத்திலிருந்து’ என்று எழுதிப் போட்டாள். வந்தது பாருங்கள் ஒரு கூத்து! லாவாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள், தலையில் ஹெல்மெட், சுற்றி மஞ்சள் நாடா, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பாதுகாப்பு என்றதும் கம்ப்யூட்டருக்கு ஹெல்மெட்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ‘பக்கத்தில் மனிதர்கள் யாரும் கூடாது’ என்று சேர்த்தாள். ஒரு கூட்டமே வந்து நின்றது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"சிரிக்காதே இரைச்சல். கூடாதுன்னு சொன்னாலும் அந்த வார்த்தையைத்தான் பிடிச்சுக்குது. இருக்கவேண்டியதை மட்டும்தான் சொல்லணும்."

அன்று மதியம் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர்க்கோடியில் செங்கல் சூளையின் புகைபோக்கி தெரியும். அக்கா கையில் எடுத்த சோற்றோடு அதையே பார்த்தாள்.

"அந்தப் புகை அசையுதா பாரு."

"எங்கே அசையுது? ஒட்டி வெச்ச மாதிரி நிக்குது."

"போன வாரம் பஸ் அது பக்கமா போச்சு. என்ன வேகமா வருது தெரியுமா! இங்கேருந்து பாத்தா நிக்குது." டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "நம்ம படத்துல புகை குபுகுபுன்னு ஓடுது. அதான் ஊதுபத்தி மாதிரி இருக்கு. வேகமா ஓடினா சின்னது. மெதுவா போனாத்தான் பெருசு, தூரம்."

கீழே போய் முழுசாகப் புதிதாக எழுதினாள். பெரிய, பயங்கர என்று ஒரு வார்த்தை கிடையாது. கேமரா ஒரு மேட்டின் மேல் ஸ்டாண்டில் அசையாமல் இருக்கிறது. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. அதற்குக் கீழே சாலை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ். பிறகு மரங்கள், வயல்கள். அவற்றுக்கும் அப்பால், இடையிலிருக்கும் காற்றினால் நீலம் பாரித்து வெளிறிய மலை. உச்சியிலிருந்து சாம்பல் தூண், மலையைப் போல் இரண்டு மடங்கு உயரம், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் வளர்வது தெரியும். மேலே போய்க் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் மட்டும் சாம்பல் மழைத்திரை போல இறங்குகிறது. லாவா ஒரே ஒரு பள்ளத்தின் வழியாக மெல்லிய நூலாக வருகிறது; மலையின் வாயருகே பளிச்சென்ற ஆரஞ்சு, கீழே வர வர மேல்தோல் ஆறிக் கறுப்பு.

ஒரே தடவையில் வந்துவிடவில்லை. ஒன்றில் பஸ் மலை உயரம் இருந்தது. ஒன்றில் புகை காற்றை எதிர்த்துப் போனது. திட்டித் திட்டித் திருத்தினாள். கடைசியில் வந்ததைப் பார்த்தபோது நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மலை அங்கே, நாம் இங்கே. நடுவில் அவ்வளவு தூரம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் இடியைத் தள்ளி வை. சத்தம் இவ்வளவு தூரம் வர அரை நிமிஷம் ஆகும்."

"அரை நிமிஷம் சத்தமே இல்லாமலா? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க அக்கா."

"நினைக்கட்டுமே. உனக்கும் ஒரு நாள் வாயை மூடத் தெரியுதான்னு பாக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனாலும் தள்ளி வைத்தேன்.

மேடம் இரண்டு தடவை ஓட விட்டுப் பார்த்தார். "இதேதான். முன்ன ஒரு தடவை வெடிச்சப்போ அந்த மேட்டுல நின்னு நான் பாத்தது இதேதான்" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையாம். அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

திறப்பு நாளில் தம்பிக்காரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். படம் தொடங்கியது. "என்னக்கா, இவ்வளவு சின்னதா இருக்கு? பெருசா காட்டக் கூடாதா? சத்தத்தையும் காணோம்" என்று சத்தமாகவே கேட்டான். அக்கா திரையைக் கை காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து இடி வந்து சேர்ந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"அப்போ... நாம அவ்வளவு தூரத்துலயா இருக்கோம்?"

"ஆமா. அவ்வளவு தூரத்துலயும் இவ்வளவு தெரியுதுன்னா, கிட்ட எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ."

அவன் புருவத்தைத் தடவிக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை, அந்த மலை நிஜமாகவே கொஞ்சம் சாம்பல் கக்கியது. செய்தி வந்ததும் அக்கா நாற்காலியில் உட்கார முடியாமல் நடந்தாள். தம்பி போனை எடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து அவனே கூப்பிட்டான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"எங்கேடா இருக்கே?"

"ஊருக்குக் கீழே வந்துட்டேன் அக்கா. வேன் நிறைய பிள்ளைங்க, மலைப்பாதையில சுற்றுலா போய்க்கிட்டிருந்தோம். உச்சியில புகை வந்துச்சு. சின்னதாத்தான் தெரிஞ்சது, அசையக்கூட இல்ல."

"அப்புறம்?"

"அதான் பயந்து வண்டியைத் திருப்பிட்டேன்."