மார்ச் ஆகஸ்ட் ஆன நாள்

யுத்த காலத்தில் எங்கள் அச்சகத்தில் புதிதாக ஒரு பிளாக் செய்வதென்றால் நடக்கிற காரியமில்லை. அதைப் பொறிக்கிற துத்தநாகத் தகடு கண்ணில் படுவதே அரிது. அதனால் 1943ஆம் வருஷக் காலண்டரை, அலமாரியில் கிடந்த 1937ஆம் வருஷத்து பிளாக்குகளை வைத்தே அடித்துக் கொடுத்தோம். தேதிக்குத் தேதி, கிழமைக்குக் கிழமை அப்படியே பொருந்தியது. என் கணவருக்கு ஏக சந்தோஷம். "ஆறு வருஷத்துல திரும்பி வந்துடுது பாத்தியா. இனிமே பிளாக்குக்கு யார் கையையும் எதிர்பாக்க வாணாம்" என்றார்.

அந்த சந்தோஷத்தில்தான் அடுத்த வருஷத்துக்கு 1938ஐ எடுத்தார். ஜனவரியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தார். முதல் தேதி சனிக்கிழமை, இரண்டிலும். அதற்குமேல் பார்க்கவில்லை.

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒற்றை மிதி மெஷின் வைத்து நடத்திய அச்சகம் அது. நான் அச்சுக்கோப்பேன், புரூஃப் பார்ப்பேன். மெஷின் ஓட்ட சாந்தோம் குப்பத்திலிருந்து ஒருவர் வருவார். கத்தோலிக்கர், அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வருஷக் காலண்டர் வேலையைக் கொடுத்தவர் கடைத்தெருவில் வலைநூலும் தூண்டில்முள்ளும் விற்ற பாய். வீட்டில் உருது பேசுகிற பழைய குடும்பம். குப்பத்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அவர் கேட்டது. பேப்பர் அவர் பெயரில் பர்மிட் போட்டு வாங்கியது. அதில் ஒரு கட்டு வீணானாலும் மறுபடி கிடைக்காது என்று இறக்கும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாதாரண நாட்களின் தேதிகள் கறுப்பில் ஒரு ஓட்டம். அது காய்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் மாதத்தின் பெயரும் வருஷமும் திருநாட்களும் சிவப்பில் இன்னொரு ஓட்டம். ஜனவரியும் பிப்ரவரியும் இரண்டு ஓட்டமும் முடிந்து அடுக்கியாயிற்று. மார்ச்சின் கறுப்பு அன்று காலையில் முடிந்தது. நான் ஏப்ரல் திருநாட்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். சாந்தோம் கோயில் சாமியாரிடம் கேட்டு மெஷின்காரர் எழுதிக்கொண்டு வந்த துண்டுச் சீட்டு என் முன்னால் இருந்தது. ஈஸ்டர், ஏப்ரல் ஒன்பது.

ஏப்ரல் பிளாக்கை ஒரு புரூஃப் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது சனிக்கிழமையில் இருந்தது.

"அண்ணே, சீட்டுல தேதி தப்பா எழுதிட்டீங்களா?"

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "சாமியார் வாயால சொல்லி எழுதினதும்மா. ஈஸ்டர்னா ஞாயித்துக்கெழமதான், எங்கியாவது சனிக்கிழம வருமா? ஒங்க தாளுதான் தப்பா கீது."

என் கணவர் மேஜையிலிருந்தே, "தாளு தப்பில்ல. ஜனவரிய நானே பாத்தேன். பத்துன்னு போடு" என்றார்.

மெஷின்காரர் முகம் மாறிவிட்டது. "பத்துன்னு போட்டா குப்பத்துல என்ன வுட்டு வெப்பாங்களா மொதலாளி?"

எனக்கு ஒன்று தோன்றியது. அதே சீட்டில் சாம்பல் புதன் பிப்ரவரி இருபத்துமூன்று என்று இருந்தது. அடித்து வைத்திருந்த பிப்ரவரித் தாளை உருவிப் பார்த்தேன். இருபத்துமூன்று புதன்கிழமையில்தான் இருந்தது. பிப்ரவரி சரி, ஏப்ரல் தப்பு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு நாள் காணாமல் போயிருந்தது. தாளின் கடைசி வரியைப் பார்த்தேன். இருபத்தெட்டோடு நின்றிருந்தது.

"ஏங்க, வர்ற வருஷம் லீப் வருஷம்" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார். அடுக்கியிருந்த மார்ச் தாள்களைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் எப்படி சரியா வந்துச்சு?"

நான் யோசித்து யோசித்துத்தான் சொன்னேன். சாதாரண வருஷம் என்பது ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு நாளும். அதனால் அடுத்த வருஷம் ஒரு கிழமை தள்ளிப் பிறக்கிறது. லீப் வருஷமென்றால் இரண்டு கிழமை. 1937க்கும் 1943க்கும் நடுவில் நாற்பது ஒன்றுதான் லீப். மொத்தம் ஏழு கிழமை தள்ளி, பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 1938க்கும் 1944க்கும் நடுவிலும் அதே ஏழுதான். ஜனவரி ஒன்று பொருந்தியது அதனால்தான். ஆனால் 1944ஏ லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தெட்டு வரைக்கும் இரண்டும் கூடவே நடந்துவிட்டு, அதன்பிறகு ஒரு நாள் விலகிவிடுகின்றன.

"அப்ப மார்ச்சிலேந்து எதுகூட சேரும்?"

"1939கூட. அது ஒரு கிழம தள்ளிப் பொறந்த வருஷம்."

அந்த வருஷத்து பிளாக்குகளை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சிநேகிதரின் அச்சகத்துக்கு இரவல் கொடுத்திருந்தோம். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். சாயங்காலம் பாய் வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பின்கட்டு அடுப்பில் வைத்த சோற்றை இறக்கப் போனவள், அதை இறக்காமலே திரும்பி வந்தேன்.

என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அக்டோபரில் கொட்டிய மழைக்குக் கூவம் ஏறி அச்சகத்துக்குள் புகுந்ததாம். சேறு படிந்ததையெல்லாம் உலோகத்துக்காக எடைக்குப் போட்டுவிட்டார்களாம். "பாய்கிட்ட உண்மைய சொல்லிடுவோம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீணான மார்ச் தாளை நான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் பெயர் சிவப்பில்தான் வர வேண்டும், இன்னும் அடிக்கவில்லை. பெயரில்லாத தாள். செவ்வாய்க்கிழமை பிறக்கிறது, முப்பத்தொரு நாள். வருகிற வருஷத்தில் அப்படி ஒரு மாதம் இல்லாமலா போகும்? பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஆகஸ்ட் செவ்வாயில் பிறந்தது.

"இது மார்ச் இல்லீங்க. ஆகஸ்ட்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்ற பயம் இருந்தது. பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது. மூன்று பேரும் எல்லா பிளாக்குகளையும் தரையில் பரப்பினோம். பழைய ஏப்ரல் வெள்ளியில் பிறந்து முப்பது நாள்: புது செப்டம்பர். பழைய மே புது அக்டோபர். ஜூன் நவம்பராயிற்று, ஜூலை டிசம்பராயிற்று. பழைய ஆகஸ்ட் மே மாதத்துக்கும் செப்டம்பர் ஜூனுக்கும் உட்கார்ந்தன. ஜூலைக்கு ஜனவரி பிளாக்கே போதும்.

ஏப்ரலுக்குச் சனியில் பிறக்கிற முப்பது நாள் வேண்டும், கிடைக்கவில்லை. மெஷின்காரர் பழைய அக்டோபரை எடுத்து, உளியால் முப்பத்தொன்றைச் செதுக்கி எறிந்தார். புரூஃப் எடுத்து ஒன்பது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். கறுப்பில் அந்த இடம் காலி, ஞாயிறு. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மிஞ்சியது மார்ச் ஒன்றுதான். புதனில் பிறக்கிற முப்பத்தொரு நாள் மாதம் பழைய வருஷத்தில் கிடையாது. அதை மட்டும் நான் எண் எண்ணாகக் கையால் கோத்தேன். அதற்கு வேண்டிய தாள், ஆகஸ்ட்டுக்கென்று ஒதுக்கியிருந்த கட்டிலிருந்து வந்தது. பிப்ரவரியில் செவ்வாய்க்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் இருபத்தொன்பதை மட்டும் தனியாக ஓட்டினோம்.

பாய் வந்தபோது என் கணவர் எதையும் மறைக்கவில்லை. பாய் நின்றபடியே கேட்டார். பஞ்சாங்கத்தை வாங்கி மாதம் மாதமாகப் புரூஃபோடு வைத்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவாம கரையில கீறவன் பூரா நம்ம கடைக்குத்தான் வரான்" என்றார் கடைசியில். "அத சனிக்கெழமன்னு போட்டு குடுத்திருந்தா நம்மள பாத்து சிரிப்பானுங்க தம்பி. பேப்பர் வீணாவலியே?"

"ஒரு தாள்கூட வீணாவல பாய்."

தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலண்டர் முழுவதும் அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷக் காலண்டருக்கு என் கணவர் அலமாரியைத் திறப்பதற்கு முன் என்னிடம் வந்தார். ஆறு வருஷக் கணக்கு இந்தத் தடவை உதவாது, நடுவில் இரண்டு லீப் விழுகிறது, பதினோரு வருஷம் பின்னால் போய் 1934ஐத் தேட வேண்டும் என்றேன். லீப் வருஷத்துக்குத் துணை வேண்டுமென்றால் இருபத்தெட்டு வருஷம் பின்னால் போக வேண்டும் என்றும் சொன்னேன். 1934 எங்களிடம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அச்சகமாகக் கேட்கப் புறப்பட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "முப்பத்திநாலு லீப் இல்லியே?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு போனார்.