பன்னிரண்டு மைலும் தொண்ணூறு மீட்டரும்

கடல் வரைபட அலுவலகத்தில் அவளுக்குப் பசையக்கா என்று பெயர். கலங்கரை விளக்கு இடம் மாறினாலும், கடலடியில் மணல் மேடிட்டாலும், பழைய வரைபடத்தின் மேல் திருத்தத் துண்டை ஒட்டுவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக ஒட்டுகிறாள். படகில் ஏறினால் வாந்தி வரும். ஆனால் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி.

அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அவள்தான். கல்யாணம் பற்றி யாராவது பேச்செடுத்தால், "முதல்ல அவன் கரையேறட்டும்" என்பாள். அவன் கரையேறவில்லை, கடலேறினான். ரோந்துக் கப்பல் ஒன்றுக்குத் தலைவன் ஆனபோது, வரைபடத்தாள் சுருண்டுகொள்ளாமல் வைக்க ஒரு பித்தளைக் குண்டு வாங்கிக் கொடுத்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்தத் தம்பிதான் அயல்நாட்டு மீன்பிடிப் படகொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். படகில் ஆறு பேர், அனுமதிச் சீட்டு கிடையாது, வலை தண்ணீருக்குள் இருந்தது. கரையிலிருந்து 11.96 கடல் மைல் என்று அறிக்கையில் எழுதியிருந்தான். பாராட்டுப் பதக்கம் வரும் என்று பேச்சு.

கடற்சட்டம் இந்த இடத்தில்தான் கறார். வற்றுநீரில் தெரியும் கரையிலிருந்து பன்னிரண்டு மைல் வரை நாட்டின் வீட்டு வாசல் மாதிரி. அந்நியக் கப்பல் வம்பு பண்ணாமல் கடந்து போகலாம், அவ்வளவுதான். அதற்குள் வலை போட்டால் உள்ளூர்ச் சட்டப்படி ஒரு வருடம் சிறை. பன்னிரண்டைத் தாண்டி இருநூறு வரை பொருளாதார மண்டலம். அங்கே மீன் கரைநாட்டுக்கு, பாதை எல்லாருக்கும். திருட்டு மீன்பிடித்தால் பிடிக்கலாம், அபராதம் போடலாம். இரு நாடுகளுக்கும் தனி ஒப்பந்தம் இல்லாதவரை சிறையில் மட்டும் போட முடியாது. பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட்டாக வேண்டும்.

தூரத்தைச் சரிபார்த்துச் சான்று தரும்படி நீதிமன்றம் அலுவலகத்துக்கு எழுதியது. கோப்பு பசையக்காவிடம் வந்தது. பிடித்தவன் தன் தம்பி என்று மேலதிகாரியிடம் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா? நீங்க அளங்க, நான் இன்னொரு தடவ அளக்கறேன்," என்றார் அவர்.

கப்பலின் பதிவேட்டில் இருந்த செயற்கைக்கோள் இருப்பிடத்தை எடுத்து அளந்தாள். 12.05 வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதேதான். மேலதிகாரிக்கும் அதேதான். எல்லைக்கு வெளியே தொண்ணூறு மீட்டர்.

எங்கே பிசகியது என்று அவளுக்கு உடனே புரிந்தது. தம்பியின் கப்பலில் இருந்த வரைபடம் செயற்கைக்கோளுக்கு முந்தைய பழைய அளவீட்டில் வரைந்தது. ஜி.பி.எஸ். காட்டும் புள்ளியை நூற்று அறுபத்தேழு மீட்டர் கடல் பக்கமாகத் தள்ளிக் குறிக்க வேண்டும் என்று இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. அந்தத் துண்டை ஒட்டியவளே அவள்தான்.

செய்தி எட்டியதும் தம்பி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

"அக்கா, தொண்ணூறு மீட்டர்க்கா! எங்க கப்பல் நீளத்துல ரெண்டு கப்பல் கூட இல்ல. அவங்க திருடலன்னு யாராவது சொன்னாங்களா?"

"திருடினாங்கப்பா. அதுக்கு அபராதம் இருக்கு. ஜெயிலுக்கு அனுப்பறதுக்குச் சட்டத்துல இடமில்ல."

"என் பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். ராத்திரி சோறு எறங்கல."

"சத்தியமா என் சார்ட்ல அந்தக் குறிப்பே இல்லக்கா. நீயே பாரு!"

மேசையில் விரித்தான். இடது மூலையில் பச்சை பூத்த வட்டக் கறை ஒன்று இருந்தது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்தாள். அடியில் அவள் ஒட்டிய துண்டு, எழுத்து கலையாமல் இருந்தது.

"இதுமேல எத வச்சிருந்த?"



"நீ குடுத்ததுதான்க்கா. அந்த மூலதான் எப்பவும் சுருளும்."

அவள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சான்றில் 12.05 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆறு பேரும் பிணையில் ஊர் போனார்கள். பதக்கப் பேச்சு அடங்கியது. அடுத்த மாதம் அவள் பெயருக்குக் கனமான தபால் ஒன்று வந்தது. உள்ளே பித்தளைக் குண்டு, துலக்கிப் பளபளவென்று. கடிதம் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அன்றைய வரைபடத்தை விரித்தாள். இடது மூலை சுருண்டது. குண்டை எடுத்தவள், அந்த மூலையைக் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, குண்டை எழுத்தில்லாத நடுக்கடலில் வைத்தாள்.