ஆட்டிப் பார்த்த பிரிண்டர்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பெட்டி கட்டத் தெரியும். வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள், பார்த்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் என்று எல்லோரும் ஒருவகையில் பேக்கிங் நிபுணர்கள். அதனால் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு வீடு மாறியபோது என் பிரிண்டரை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் யாருமே கேட்கவில்லை. எனக்குச் சொல்லித் தருவதற்குத்தான் வந்தார்கள்.

அப்போது என் மகளுக்குப் பதினோரு மாதம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வெடி லேபிள் டிசைன் செய்து, முதலாளிகளுக்குக் காட்ட மாதிரி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவரை எல்லா வேலையும் என்னோடு படித்த ஒருத்தியின் வழியாக, அவள் பெயரில்தான் வரும். முதன்முறையாக ஒரு கம்பெனி முதலாளி நேராக என்னைக் கூப்பிட்டு, சங்குச் சக்கரத்துக்கு ஒரு லேபிள் கேட்டிருந்தார். வீடு மாறிய மறுநாள் காலை மாதிரியோடு வரச் சொல்லியிருந்தார். வேறு யாரிடமாவது அடித்து வாங்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் நிறம் என் மெஷினில்தான் நான் நினைத்தபடி வரும். பிரிண்டர் கெட்டால் அந்த வேலை போகும். அதோடு, "இவளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மனதுக்குள் வைத்திருந்தவர்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வசதியாகிவிடும்.

மேலே ஸ்கேனரும் கீழே பிரிண்டருமாக ஒன்றாக இருக்கும் மெஷின் அது. மை செலவு தாங்காமல், அந்தக் காலத்தில் பலரும் செய்ததைப்போல, பக்கத்தில் நான்கு குப்பிகள் கொண்ட மைப்பெட்டியை வைத்து, மெல்லிய குழாய்கள் வழியாக உள்ளே மை போகும்படி மாட்டியிருந்தேன். அதை மாட்டிக் கொடுத்தவரிடம் போனில் கேட்டேன். "கார்ட்ரிட்ஜக் கழத்தித் தனியா கவர்ல போட்டுருங்க மேடம்" என்றார். கழற்றினால் காற்று புகும், மை சிந்தும் என்று பிரிண்டரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான்" என்றார். மெஷின் விற்கும் கடைக்காரர் வேறொன்று சொன்னார். அத்தை, என் மாமியார், "மையெல்லாம் வடிச்சு ஒரு செம்புல ஊத்திட்டுப் போவமா?" என்று கேட்டார். ஊறுகாய் ஜாடிக்கும் இதற்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை.

கடைசியில் புத்தகத்தை நம்பினேன். மூன்று தடவை படித்து ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். வீடு மாறுவதற்கு முதல் நாள் மத்தியானம் குழந்தை தூங்கும்போது வேலையை ஆரம்பித்தேன். பிளக்கைப் பிடுங்காமல், பிரிண்டரின் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால்தான் மை தெளிக்கும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் அதன் மூடிமேல் உட்காரும். விளக்கு முழுதாக அணைந்தபின் வயரைக் கழற்றினேன். ஹெட் நகராமல் இருக்க மாஸ்கிங் டேப்பால் அதை மெஷினின் உடம்போடு சேர்த்து ஒட்டினேன். ஸ்கேனருக்கு ஓரத்தில் ஒரு சிறு பூட்டு உண்டு, அதைத் தள்ளிவிட்டேன். மைக்குப்பிகளின் காற்றுத் துளைகளில் கூடவே வந்த ரப்பர் மூடிகளைச் செருகினேன். நான்கு குழாய்களையும் கிளிப் போட்டு அடைத்தேன். மைப்பெட்டியைப் பிரிண்டருக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் வைத்து டேப் சுற்றினேன். உயரத்தில் வைத்தால் மை தானாக இறங்கி ஹெட் வழியாக ஒழுகிவிடும். பாலித்தீன் சுற்றி, பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய சேலையை அடைத்தேன். நான்கு பக்கமும் "சாய்க்காதே" என்று எழுதினேன். பிறகு பூட்டைத் தள்ளினேனா என்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். தள்ளியிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய அத்தான் மினி வேனோடு வந்தார். என் கணவரின் அண்ணன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி யூனிட்டில் பேக்கிங் மேஸ்திரி. தன் கையால் கட்டிய பெட்டி வடநாடு வரை போய் ஒரு புஸ்வாணம்கூட நசுங்கியதில்லை என்று கல்யாண வீடு, சாவு வீடு வித்தியாசமில்லாமல் சொல்லுவார். நான் குழந்தைக்கு ஊட்ட உள்ளே போயிருந்தேன். முன்னறையிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அவர்கள் யூனிட்டில் கிப்ட் பெட்டி கட்டி முடித்ததும் காதோரம் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சத்தம் கேட்டால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். பிரித்து, பேப்பர் திணித்து, மறுபடி ஆட்டுவார்கள்.

வேறு ஏதோ பெட்டி என்று நினைத்து, ஊட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டு நான் வருவதற்குள் பிரிண்டர் பெட்டி வேனில் ஏறியிருந்தது. படுத்திருக்க வேண்டியது செங்குத்தாக நின்றது.

"அத்தான், பிரிண்டர் பெட்டிய ஆட்டுனீகளா?"

"ஆட்டாம எப்படி? உள்ள கடகடன்னுதே. பிரிச்சு, சரிபண்ணி, இப்பம் கல்லு மாதிரி கட்டிருக்கேன். வேணும்னா நீயே ஆட்டிப் பாரு."

"பிரிச்சீகளா?"

"பின்னாடி பேப்பர் வைக்கிற தட்ட நீ ஒட்டவே இல்லியே. அதான் ஆடிச்சு. பக்கத்துல ஒரு டப்பாவ வேற வச்சு எடத்த அடைச்சிருந்த. அதத் தூக்கி மேல வச்சேன், பெட்டி பாதியாச்சு. குழாய நெரிச்சுக்கிட்டு நாலு கிளிப்பு வேற. அந்து போகாதா? எடுத்துப் போட்டேன்."

தட்டை ஒட்டாதது என் தப்புதான். மூன்று தடவை படித்தவள் அதை எழுதாமல் விட்டிருந்தேன். அதற்கு வெட்கப்பட நேரமில்லை. மைப்பெட்டி பிரிண்டரின் தலைமேல், குழாய்கள் திறந்து, எல்லாம் செங்குத்தாக. ஒரு மெஷினைக் கெடுக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் பத்து நிமிடத்தில், நல்ல மனதோடு, சணல் கயிறு போட்டுச் செய்து முடித்திருந்தார்.

"எறக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மை ஒழுகிரும். எறக்குங்க."

"ஏம்மா, நான் இருவத்திரெண்டு வருசமா பெட்டி கட்டுறேன்."

"வெடி ஒழுகாது அத்தான்."

வேன் டிரைவர் சிரித்தார். "ஏலே, நீ என்ன பல்லக் காட்டுற?" என்று அத்தான் அவர்மேல் பாய்ந்தார். உள்ளேயிருந்து அத்தை வந்து, ஒன்பதரைக்குள் பால் காய்ச்ச வேண்டும், நேரம் போகிறது, போன எடத்துல பாத்துக்கலாம் என்றார். என் கணவர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். அந்தக் குடும்பத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை அது.

நான் வேனில் ஏறிக் கயிற்றை அறுத்தேன். சிவப்பு மைக்குப்பியின் ரப்பர் மூடி ஆட்டிய ஆட்டத்தில் பாதி கழன்று, பாலித்தீனுக்குள் ஒரு கோடு இறங்கியிருந்தது. மற்ற மூன்று மூடிகளும் கழலாமல் இருந்ததால் மெஷின் தப்பித்தது. ஹெட்டில் ஒட்டிய டேப் விடவில்லை. தெருவில் எல்லோரும் பார்க்க, துடைத்து, மூடியை அமுக்கி, கிளிப் போட்டு, மைப்பெட்டியைக் கீழே பக்கத்தில் வைத்து, பேப்பர் தட்டையும் ஒட்டினேன். கையெல்லாம் சிவப்பு. பிறகு, காரில் எல்லோரோடும் போக வேண்டிய மருமகள், வேனின் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையை அத்தையிடம் கொடுத்தேன்.

"புது வீட்டுக்குப் போற நாள்ல லோடோட போறா பாரு" என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது. குழந்தை அழுததும் விழுந்தது. இறங்கிவிடலாமா என்று திருத்தங்கல் வரை யோசித்தேன். ஆமத்தூர் தாண்டியும் யோசித்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டியைத் தரையோடு அமுக்கிப் பிடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அத்தையே பாலைக் காய்ச்சி இறக்கியிருந்தார். ஒரு டம்ளர் எனக்கும் மிச்சம் வைத்திருந்தார், ஆறிப்போய்.

சாப்பாடு முடிந்ததும் பிரிண்டரை மேசையில் வைத்தேன். ஹெட்டில் ஒட்டிய டேப்பை எடுத்தேன். கிளிப்புகளைக் கழற்றினேன், காற்றுத் துளைகளைத் திறந்தேன். குழாய்களில் மை நின்று தெளியட்டும் என்று அரைமணி நேரம் விட்டேன். வந்தவர்கள் எல்லோரும், எதற்கென்று தெரியாமல், சுற்றி நின்றார்கள். பொத்தானை அமுக்கினேன். மெஷின் ஒருமுறை பல்லைக் கடிப்பதைப்போல் கறகறத்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின. நின்றுவிட்டது.

மறுபடி அமுக்கினேன். அதே கறகறப்பு.

"ஒடச்சுட்டீக" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஒரு வார்த்த கேட்டீகளா? ஆட்டுறதுக்கு இது என்ன சரமா? நாளைக்கு நான் அந்த மொதலாளிட்ட போயி என்ன சொல்ல?"

அந்த வீட்டில் பெரிய அத்தானை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் கணவர் இந்த முறை தலையைக்கூட ஆட்டவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டினேன். எந்த விளக்கு மின்னினால் என்ன கோளாறு என்று போட்டிருந்த பக்கத்தில், இரண்டாவது வரியிலேயே இருந்தது: ஸ்கேனர் பூட்டைத் திறந்தீர்களா?

திறக்கவில்லை. என் தாளில் கட்டுவதற்கு மட்டும்தான் வரிசை இருந்தது. பிரிப்பதற்கு நான் எதுவுமே எழுதவில்லை.

பொத்தானை அமுக்கி நிறுத்தி, பூட்டைத் திறந்து, மறுபடி போட்டேன். ஒரு சத்தமும் இல்லாமல் வேலை செய்தது.

"அந்தப் பூட்டுக் குச்சிய யாரு தள்ளி வச்சது?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான்."

"ம்" என்றார். அந்த ஓரெழுத்தில் இருபத்திரண்டு வருட அனுபவமும் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மைப்பெட்டியைத் தலைமேல் வைத்தவரிடம் எதற்குக் கேட்பது என்று ஒரு மனம். அவரில்லாவிட்டால் நான் ஒட்டாமல் விட்ட பேப்பர் தட்டு உடைந்திருக்குமே என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில் சோதனைத் தாளை அடித்தேன். சிவப்புக் கோடுகள் நடுநடுவே அறுந்திருந்தன. சுத்தம் செய்யும் பொத்தானை இரண்டு முறை போட்டபின் எல்லாக் கோடுகளும் முழுதாக வந்தன.

பிறகு லேபிளை அடித்தேன். கருநீலத்தில் ஒரு சிவப்புச் சக்கரம். சிவப்பு நான் நினைத்த சிவப்புதான். அத்தான் ஈரம் காயுமுன் தாளை ஓரத்தில் பிடித்து எடுத்து, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"பேரு சின்னதா இருக்கு. பெட்டிய அடுக்குனா மேல கயிறு போகும். பேர்மேலயே போகும். கொஞ்சம் கீழ எறக்கு."

என்னைவிட அதிகம் தெரிந்தவரைப்போல அவர் பேசுவது அப்போதும் பிடிக்கவில்லை. அவர் கிளம்பிப் போனபின் பெயரைப் பெரிதாக்கி, இரண்டு விரல் கீழே இறக்கி, இன்னொன்று அடித்தேன். மறுநாள் முதலாளியிடம் இரண்டையும் வைத்தேன். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.