விரல் வலிக்காரர்

லிப்ட் பழுது பார்ப்பவருக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நடுவழியில் நின்றுபோன லிப்டைத் திறந்ததும், உள்ளே வேர்த்து வழிந்து நிற்பவர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "உங்க மேல தப்பில்ல, கதவு சென்சார்ல தூசி." கதவை யாரோ காலால் உதைத்த தடம் பளிச்சென்று தெரியும். ஆனாலும் தூசிதான் பழியை ஏற்கும். ஆட்கள் நிமிர்ந்து நடந்து போவார்கள்.

அவருடைய மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், இளவயதில் கல்லூரி மேடைகளைக் கலக்கிய பாடகர். இப்போது அறுபதை நெருங்குகிறார். தன் மனைவி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழாவில், கல்யாணத்துக்கு முன் அவளுக்காகப் பாடிய அதே பாட்டை அதே சுருதியில் பாடப்போவதாக அறிவித்துவிட்டார். கூட கிட்டார் வாசிக்க வேண்டியவர் லிப்ட்காரர். பழைய நோட்டிலிருந்த கிட்டார் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் பெயர்களை, கைபேசியில் படம்பிடித்து அவருக்கு அனுப்பினார். படம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் அவர் கட்டைவிரலும், நடுவில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடும்.

முதல் ஒத்திகையில் சரணம் மேலே ஏறியதும் மச்சானின் குரல் கீச்சிட்டு உடைந்தது.

"மாப்ள, கிட்டாரை ஏத்தி வச்சிட்டீங்க."

லிப்ட்காரர் ட்யூனரைப் பார்த்தார். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு, சுருதி சரி. "இருக்கும் மச்சான், பாக்குறேன்," என்றார்.

மறுநாள் மதியம், சர்வீஸ் வண்டியில் டிபன் டப்பாவை ஓரங்கட்டிவிட்டு ஒத்திகைப் பதிவைப் போட்டுக் கேட்டார். பாட்டின் உச்ச ஸ்வரம் எஃப் ஷார்ப். மச்சானின் குரல் நோகாமல் நிற்பது டி வரைக்கும்தான். இடையே நாலு படி. கீழே எவ்வளவு இறக்கினாலும் கவலையில்லை. அந்தப் பக்கம் மச்சானிடம் குரல் கொட்டிக் கிடந்தது.

சர்வீஸ் ரசீதின் முதுகில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு கார்டையும் நாலு படி கீழே நகர்த்தினார். பி, ஜி ஆனது. ஜி ஷார்ப் மைனர், ஈ மைனர். ஈ, சி. சி ஷார்ப் மைனர், ஏ மைனர். ஓரிடத்தில் படத்தில் வெறும் எஃப் தெரிந்தது. இறக்கினால் சி ஷார்ப் வந்தது. வாசித்துப் பார்த்தார், மற்ற கார்டுகளோடு சண்டைக்கு நின்றது. படத்தைப் பெரிதாக்கினார். டியூப்லைட் கோட்டுக்கு அடியில் ஷார்ப் குறியின் வால் மட்டும் எட்டிப் பார்த்தது. எஃப் ஷார்ப்! அப்படியானால் டி. பாட்டு வழிக்கு வந்தது. ஆறு கம்பியையும் ஒரே விரலால் குறுக்கே, விரல் நோக அழுத்த வேண்டிய கார்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு அந்தப் பொய் தோன்றியது.

"மச்சான், பழைய கார்டெல்லாம் பிடிச்சா எனக்கு விரல் வலி உயிர் போகுது. ஜியில மாத்தி எழுதியிருக்கேன். எனக்காகக் கொஞ்சம் இறங்கிப் பாடுங்களேன்."

எட்டு வருடமாக அவர் அந்தக் கார்டுகளை அலட்சியமாகப் பிடிப்பதைப் பார்த்திருந்த மனைவி, நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்கத் தொடங்கினாள்.

மச்சான் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதுக்கென்ன மாப்ள! நமக்கு எந்தச் சுருதியும் ஒண்ணுதான்."

விழாவில் பிரமாதமாகப் பாடினார். உச்சத்தில் கண்ணை மூடி, கையை விரித்து, நிதானமாக நின்றார். கைதட்டல் அடங்கியதும் மைக்கை விடவில்லை.

"ஒரிஜினல் சுருதி இதைவிட மேல. மாப்ளைக்கு விரல் தகராறு. சரி, கஷ்டப்படுத்த வேணாம்னு நானே இறங்கி வந்துட்டேன்."

மறுபடி கைதட்டல், இந்த முறை இரக்கத்துக்கு. பிசியோதெரபி செய்யும் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்து, கேட்காமலே லிப்ட்காரரின் இடது கையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தான். "ரொம்ப நாளா இருக்கா?" என்றான் கவலையோடு. இருக்கு என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. தினமும் இருவேளை வெந்நீரில் கையை முக்கி வைக்கும்படி உத்தரவாயிற்று. லிப்ட்காரரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

விழா நாயகி கேக் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை படி இறக்கினீங்க தம்பி?"

திடுக்கிட்டவர், "நாலு, அக்கா," என்றார்.

"அடுத்த பாட்டுக்கு அஞ்சா வச்சுக்கோங்க. காலையில அவர் குளிக்கும்போது பாடுறதை தினமும் கேக்குறவ நான்தானே." கேக்கை அவர் கையில் வைத்துவிட்டு, சற்று யோசித்துச் சொன்னார்: "அவர்கிட்ட விரல் இன்னும் மோசமாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நர்ஸ் நானே சொன்னா நம்புவார்."