மத்தாப்புப் பெட்டியில் என் முகம்

எங்கள் கம்பி மத்தாப்புப் பெட்டியில் இருப்பது என் முகம்தான். ஐந்து வயதில் மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த போட்டோவை அப்பா லேபிளாகப் போட்டார். கம்பெனி அம்மா பேரில் இருந்தாலும் நடத்தியது அப்பா.

அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிவதற்குள் பெரியப்பா ஒப்பந்தத்தோடு வந்தார். அப்பாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. துக்க வீட்டில் யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அப்பாவின் போனைக்கூட அவரே வைத்திருந்தார். மதுரைக் கடைக்காரர்கள் நம் லேபிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். இனி ஐந்து வருஷம் எங்கள் சரக்கு மொத்தமும் அவர் கம்பெனி லேபிளில், அவர் சொல்லும் விலைக்குப் போகும். எங்கள் லேபிளை நிறுத்திவிட வேண்டும். அம்மா வெளியே கால் வைக்கக்கூடாத நாட்கள் அவை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

"நான் இருக்கையில நீ என்னத்த யோசிக்கப் போற? போடுத்தா."

அம்மா கையெழுத்துப் போட்டாள்.

போன் திரும்பி வந்த மறுநாள் மதுரைக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, சிரிச்ச புள்ள மத்தாப்பு ஏன் இன்னும் வரல?" என்றார். அப்பா இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் அழுதார். லேபிளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். மற்ற கடைகளிலும் கேட்டோம். அதையேதான் சொன்னார்கள்.

சரக்கு ஏற்ற வந்த பெரியப்பாவின் லாரி கேட்டில் நின்றது. அம்மா எங்கள் கம்பெனி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். பெரியப்பா தெரிந்து பொய் சொல்லியிருக்க மாட்டார், அவர் ஏஜென்ட் சொன்னதை நம்பியிருப்பார் என்றாள்.

"நம்பியே சொல்லியிருந்தாலும், விசாரிக்காமச் சொன்னது தப்பாப் போயி, அதுக்காகத்தான் கையெழுத்துப் போட்டீகன்னா ரத்து பண்ணலாம்மா. பெரியவுகன்ற அதிகாரத்துல அமுக்கியும் வாங்கியிருக்காக. ஆனா அது தானா ரத்தாகாது, நீங்க வேண்டாம்னு சொல்லணும். உண்மை தெரிஞ்ச பெறகும் லோடு ஏத்துனா, சம்மதிச்ச மாதிரி ஆயிரும்."

 அம்மா லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். பெரியப்பா கொடுத்திருந்த அட்வான்ஸையும் திருப்பி அனுப்பி, ஒப்பந்தம் ரத்து என்று நோட்டீஸ் விட்டாள்.

பெரியப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. வக்கீலம்மா ஆபீசுக்கு வந்து, ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது அம்மாவிடம் கேட்டார்.

"ஏந்தம்பி இருந்தா எனக்கு நோட்டீஸ் விட்டிருப்பானாத்தா?"

 அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீசனின் முதல் பெட்டியை அப்பா வருஷா வருஷம் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டு போனேன்.  பெரியப்பா பெட்டியை வாங்கினார். அதன் மேலிருந்த என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.