என் குரலுக்கு ஆட்சேபம் இல்லை

ஷார்ஜாவில், முவைலா பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டது கடைக்காரரிடம். திரும்பிப் பார்த்தது எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆள். முப்பது வயதிருக்கும். கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பாக நீலநிற கவரால், காலில் சிமெண்ட் படிந்த ஷூ.

"அக்கா, நீங்க சேஃப்டி அக்காதானே?"

எனக்கு இது பழக்கம். துபாயில் ஒரு சின்ன ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் தமிழ்க் குரல் நான். ஒரு கட்டுமானக் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக போனில் ஓர் ஆப் வைத்திருக்கிறது. ஹெல்மெட் போடுங்கள், பெல்ட் மாட்டாமல் ஏறாதீர்கள், வெயிலில் தண்ணீர் குடியுங்கள் என்று அதில் தமிழில் சொல்வது என் குரல். முகம் தெரியாது, பேர் தெரியாது, அவர்கள் தங்கும் கேம்ப் முழுக்க நான் அக்கா. சினிமாக்காரர்களுக்குக்கூட இப்படிப் பாசமான ரசிகர்கள் கிடையாது.

"இப்ப உடம்பு தேவலையா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"இல்லக்கா, லீவு விஷயமாப் பேசுனீங்கள்ல, அதுல குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சளி பிடிச்சிருக்குன்னு ரூம்ல பேசிக்கிட்டோம். நீங்க சொன்னீங்கன்னுதான் நானும் ஓகே அமுக்கிட்டேன். தங்கச்சி கல்யாணம் இருக்கு. பரவால்ல, அக்காவே கேட்டுக்கிட்டாங்களேன்னு."

நான் எந்த லீவைப் பற்றியும் எவரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் போனை எடுத்துப் போட்டுக் காட்டினார். "அன்பான சகோதரர்களே" என்று ஆரம்பித்தது. என் குரல். சைட் வேலை அவசரமாக இருப்பதால் இந்த வருட லீவை எல்லோரும் விரும்பி ஒத்திவைக்க வேண்டும், கீழே உள்ள ஓகேயை அழுத்தி உங்கள் சம்மதத்தைத் தெரிவியுங்கள், உங்கள் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவாக! வாழ்க்கையில் ஒரு நாளும் நான் யாரையும் அன்பான சகோதரர்களே என்று கூப்பிட்டதில்லை. தம்பிகளா என்பேன். அதுபோக, அந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை. ஒரே இழுப்பில் நாலு வரி. சளி பிடித்தவள்கூட நடுவில் மூச்சு விடுவாள்.

அறிவிப்பு வெளியான தேதியைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன், லீவில். நான் லீவில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தபோது, இங்கே என் குரல் மற்றவர்களின் லீவைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் அஜ்மானில் என் வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்குப் பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். என் முதலாளி சென்னைக்காரர். நல்லவர் என்று அவரே அடிக்கடி சொல்வார். போனவுடன் கேட்டேன்.

"அதாம்மா, அன்னிக்கு நீ இங்க இல்ல. கிளையன்ட் அவசரம்னான். உன்னோட பழைய ரெக்கார்டிங் கொஞ்சம் போட்டேன், மெஷின் உன் குரல்ல பேசிருச்சு. இப்பல்லாம் சில நிமிஷம் ஆடியோ இருந்தாப் போதும்."

"என்னைக் கேட்டீங்களா சார்?"

"எல்லாம் முறையாப் பண்ணிருக்கேன். என்.ஓ.சி. இருக்கு."

இந்த நாட்டில் ஆட்சேபம் இல்லை என்ற காகிதம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. வேலை மாற, வீடு மாற, எதற்கும் ஸ்பான்சர் கையெழுத்து கேட்டுப் பழகியவர்கள் நாம். என் விசா இவருடைய கம்பெனியில். ஆகவே என் ஸ்பான்சர் என்ற முறையில், என் குரலைப் பயன்படுத்த எனக்காக இவரே ஆட்சேபம் இல்லை என்று எழுதி, சீல் அடித்து, ஸ்டுடியோ உரிமையாளர் என்ற முறையில் இவரே அதை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறார். அனேகமாக இடையில் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்திருப்பார்.

"சார், விசாதான் உங்க கம்பெனி. தொண்டை என்னோடது."

"ரெக்கார்டிங் நம்ம ஸ்டுடியோ சொத்துதானே?"

"நான் பேசுன ரெக்கார்டிங் உங்க சொத்து. பேசாததும் உங்க சொத்தா?"

அவர் கோபப்படவில்லை. தொழில்நுட்பம் பேசும்போது அவருக்குக் கோபமே வராது. அந்த மென்பொருளில் சாதாரண நகல் எடுக்க, இந்தக் குரலுக்கு எனக்கு உரிமை உண்டு என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதுமாம். அடித்தார். ஆனால் இன்னும் தரமான நகல் வேண்டுமென்றால் அது லேசில் விடாதாம். குரலுக்குச் சொந்தக்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் வாக்கியத்தை உடனே வாசித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தக் குரலும் கொடுத்த பதிவும் ஒன்றுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும்.

"நான்தான் ஊர்ல இருந்தேனே, யாரு வாசிச்சா?"

அவர் முகத்தில் ஒரு சாதனையாளரின் கூச்சம். "அந்த வாக்கியத்த டைப் பண்ணி, சாதாரண நகல வெச்சே பேச வெச்சேன். ஸ்பீக்கர்ல போட்டு மைக்ல காட்டினேன். ரெண்டு தடவ வேணாம்னுச்சு, அப்புறம் ஒத்துக்கிச்சு."

அதாவது என் போலி, என்னைவிட உசத்தியான இன்னொரு போலியைச் செய்ய, என் சார்பில் மனப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறது. எனக்கு மட்டும் தகவல் இல்லை. கல்யாணப் பெண்ணைத் தவிர எல்லோரும் மண்டபத்துக்கு வந்துவிட்ட மாதிரி.

"சரி சார். அது நான் இல்ல, மெஷின்னு கேக்கறவங்களுக்கு எங்கயாவது சொல்லியிருக்கா?"

அதற்கு அவர் கிளையன்ட்டான கட்டுமானக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜரை ஸ்பீக்கர் போனில் பிடித்தார். அவரும் தமிழ்தான், ஆங்கிலத்தில் தமிழ் பேசுபவர்.

"மேடம், முதல்லயே இது கம்ப்யூட்டர் வாய்ஸ்னு சொன்னா எவன் கேப்பான்? பசங்களுக்கு உங்க மேல ஒரு டிரஸ்ட். அதுதானே பாயிண்ட்."

"அந்த டிரஸ்ட்ட வெச்சுத்தான் ஓகே வாங்கிருக்கீங்க."

"வேணும்னா ஆப்போட கண்டிஷன்ஸ் பேஜ்ல ஒரு லைன் போட்டுடலாம். இங்கிலீஷ்ல."

தமிழில் ஏமாற்றியதற்கு ஆங்கிலத்தில் உண்மை. அதுவும் எவரும் திறக்காத பக்கத்தில். அறிவிப்பை எடுத்துவிட்டு, அது என் குரல் இல்லை என்று தமிழிலேயே சொல்லுங்கள், ஓகே போட்டவர்களிடம் திரும்பக் கேளுங்கள் என்றேன். "பார்க்கலாம் மேடம்" என்றார். வளைகுடாவில் பல வருஷம் இருந்தவளுக்குப் பார்க்கலாம் என்றால் என்னவென்று தெரியும். முதலாளி போனை வைத்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது, விட்டுரும்மா" என்றார்.

விடவில்லை. கவரால்காரரின் நம்பரைக் கடையிலேயே வாங்கி வைத்திருந்தேன். ஒரு வாய்ஸ் நோட் பேசி அனுப்பினேன். தம்பிகளா, லீவைப் பற்றி வந்தது நான் பேசியதில்லை, மெஷினை வைத்துச் செய்தது, ஆப்பில் என் குரலில் எது வந்தாலும் நம்பி எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள், லீவு வேண்டுமென்றால் ஆபீசில் போய் ஓகேயைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதைக் கேம்ப் ஆட்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார். சந்தோஷமாகத் தூங்கப் போனேன்.

அடுத்த நாளே கட்டுமானக் கம்பெனி ஆபீசிலிருந்து குரூப்பில் பதில் வந்துவிட்டது. சேஃப்டி அக்கா பேசுவதுபோல் ஒரு போலி வாய்ஸ் நோட் சுற்றுகிறது, அது கம்ப்யூட்டரில் செய்தது, யாரும் நம்ப வேண்டாம், ஆப்பில் வருவது மட்டுமே உண்மையான அக்கா. தமிழில், பெரிய எழுத்தில். கம்ப்யூட்டர் குரல் என்று தமிழில் சொல்ல முடியாது என்றார்களே, சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி.

கொதித்துப் போனேன். அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

அவர்களுக்கு வார விடுமுறை வந்ததும் கேம்ப் பக்கத்து டீக்கடைக்கு நேரில் போனேன். கவரால்காரர் ஆட்களைக் கூட்டி வைத்திருந்தார். நானே நேரில் நின்றாலும் சந்தேகம் தீரவில்லை. ஒருவர் கேட்டார், "அந்த பெல்ட் மேட்டர ஒருவாட்டி சொல்லுங்க பாப்போம்." டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, பெல்ட் மாட்டாமல் ஏறாதீர்கள் தம்பிகளா என்றேன். இரண்டு பேர் கண்ணை மூடிக் கேட்டார்கள். மூன்றாமவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆப்ல இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

நடுவில் மூச்சு வாங்கிவிட்டேன், அதுதான் குறை. என் குரலுக்கான தேர்வில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். கவரால்காரர்தான் காப்பாற்றினார். "ஏண்ணே, ஏமாத்த வந்தவங்க இந்த வெயில்ல நின்னு பெல்ட்டப் பத்தியா பேசுவாங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு நம்பியது. எல்லோருமாக ஆபீசுக்குப் போனார்கள். அத்தனை பேரை வாசலில் பார்த்ததும் மேனேஜருக்குத் திடீரென்று தமிழ் நன்றாக வந்துவிட்டதாம். கேட்டவர்களுக்கு எல்லாம் ஓகே ரத்து, லீவு உண்டு. அறிவிப்பும் ஆப்பிலிருந்து இறங்கியது. மெஷின் குரல் என்ற ஒரு வரி மட்டும் கடைசி வரை ஏறவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அசல் இல்லாமல் போய்விடும் என்று பயந்திருக்கலாம். போலியை அழித்ததாகச் சொன்னார். அதற்கும் சாட்சி அவரேதான்.

கவரால்காரர் ஊருக்குப் போகும் அன்று ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டார். தங்கைக்கு வளையல் எடுத்ததையும், பெட்டி எடை கூடிப் பாதியை நண்பனிடம் கொடுத்ததையும் மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கல்யாண போட்டோ அனுப்பச் சொன்னேன். திரும்பி வந்ததும் உயரத்தில் வேலை என்றார். பத்தொன்பதாவது மாடி.

"ஆப்ல நான் சொன்னதெல்லாம் ஒழுங்காக் கேட்டுட்டு ஏறுங்க" என்றேன்.



"அது இப்ப யாரும் கேக்கறதில்லக்கா. உங்க குரல் வந்தாலே ஆஃப் பண்ணிடறோம். நீங்கதானே நம்பாதீங்கன்னு சொன்னீங்க."